தட்டுப் படத்துக்குள் அடங்காத எண்ணெயும் ஆழமும்

சாப்பிட உட்காரும்போது தட்டைப் படம் எடுத்தால் போதும், மாவுச்சத்து இத்தனை கிராம், புரதம் இத்தனை, கொழுப்பு இத்தனை என்று சொல்லிவிடும் கைப்பேசிச் செயலிகள் இப்போது நிறைய வந்துவிட்டன. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவர்கள், சர்க்கரை நோய்க்காக உணவைக் கணக்குப் பார்க்கிறவர்கள், எடையைக் குறைக்க நினைப்பவர்கள் என்று பலரும் இவற்றை நம்பி நாளை ஓட்டுகிறார்கள். தட்டில் இருப்பது சாதம், சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல் என்று பெயர் சொல்வதில் இந்தச் செயலிகள் பெரும்பாலும் தவறுவதில்லை. அளவு சொல்லும்போதுதான் சறுக்குகின்றன. படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் இது மாறாது. கணக்குக்கு வேண்டிய இரண்டு விவரங்கள் படத்திலேயே இல்லை.

மேலிருந்து எடுத்த படம் உணவின் பரப்பை மட்டும் காட்டும். உணவின் எடையோ அதன் கனஅளவைப் பொறுத்தது. கனஅளவுக்கு உயரம் வேண்டும், அந்த உயரத்தைச் செயலி ஊகிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

ஒரு தட்டில் சாதம் குவித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடிவட்டத்தின் அகலம் 16 சென்டிமீட்டர். நடுவில் உயரம் 3 சென்டிமீட்டர். குவியல் கவிழ்த்த கிண்ணம் போல ஓரத்தில் சரிந்திருப்பதால், அதே அகலமும் உயரமும் உள்ள உருளையில் ஏறக்குறையப் பாதிதான் அதன் கனஅளவு. அப்படிப் பார்த்தால் சுமார் 300 மில்லிலிட்டர். உதிரியாக வடித்த சாதம் ஒரு மில்லிலிட்டருக்கு முக்கால் கிராம் அளவில் இருக்கும். ஆகவே தட்டில் இருப்பது சுமார் 225 கிராம் சாதம். 100 கிராம் சாதத்தில் 28 கிராம் மாவுச்சத்து என்ற கணக்கில், 63 கிராம் மாவுச்சத்து. இப்போது அதே அடிவட்டத்தில் நடு உயரம் மட்டும் 5 சென்டிமீட்டர் என்று மாற்றுங்கள். சாதம் 375 கிராமைத் தொடும், மாவுச்சத்து 105 கிராம். நேர் மேலிருந்து எடுத்தால் இரண்டு படங்களும் ஒரே வட்டமாகத்தான் தெரியும். இடையில் இருப்பது 42 கிராம் மாவுச்சத்து, ஏறக்குறைய இன்னொரு 150 கிராம் சாதம்.

அகலமே தவறிப்போனால் நிலைமை இன்னும் மோசம். படத்தில் அளவுகோல் ஏதும் இல்லாவிட்டால், தட்டு பெரியதா சின்னதா என்பதையும் செயலி ஊகிக்கிறது. நீள அளவில் பத்து சதவீதம் கூடுதலாக ஊகித்துவிட்டால், பரப்பு 21 சதவீதமும், கனஅளவு 33 சதவீதமும் கூடிவிடும். வாழை இலைச் சாப்பாட்டில் இந்தச் சிக்கல் கூடுதல். இலைக்கு நிலையான அளவு கிடையாது, உயரத்தை ஒப்பிட்டுப் பார்க்க விளிம்பும் கிடையாது. போதாததற்கு, சாதத்தின் மேல் சாம்பாரை ஊற்றிவிட்டால் எது சாதம், எது குழம்பு என்ற எல்லையே மறைந்துவிடும்.

ஆழம் தெரிந்தால் பிழை குறையும் என்பது வெறும் ஊகமல்ல. கூகுள் ஆய்வாளர்கள் 2021இல் 'நியூட்ரிஷன் 5கே' என்ற தரவுத்தொகுப்பை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 5,000 தட்டுகள், ஒவ்வொன்றிலும் சேர்ந்த பொருள்களின் எடை, மேலிருந்து எடுத்த படங்கள், கூடவே ஆழத்தை அளக்கும் கேமராவின் பதிவு என்று அதில் இருந்தன. வெறும் படத்தை வைத்துக் கணித்ததைவிட, ஆழத்தையும் சேர்த்துக் கணித்தபோது கலோரிப் பிழை நன்றாகக் குறைந்தது. நம் கைப்பேசிகளில் பெரும்பாலானவற்றில் அப்படிப்பட்ட கேமரா இல்லை. ஆனால் நம் கையால் அதே உதவியைச் செய்ய முடியும்.

நேர் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் 45 பாகைச் சாய்வில் ஒன்று என்று இரண்டு படம் எடுங்கள். இரண்டிலும் தட்டுக்குப் பக்கத்தில் ஏ.டி.எம். அட்டை ஒன்று கிடக்கட்டும். அட்டையின் நீளம் எங்கும் 8.56 சென்டிமீட்டர்தான் என்பதால் அளவுகோலாகிவிடும். செயலியில் குறிப்பு எழுத இடமிருந்தால், குவியலின் நடு உயரத்தையும் அது குவியலா, பரப்பிய சாதமா என்பதையும் எழுதுங்கள். உயரம் பார்க்க அளவுகோலைத் தேடவேண்டாம். ஆள்காட்டி விரலின் முதல் கணு எத்தனை சென்டிமீட்டர் என்று ஒரு தடவை அளந்து வைத்துக்கொண்டால் போதும்.

கிண்ணத்தில் ஊற்றும் சாம்பார், கூட்டு, பருப்பு ஆகியவற்றுக்கு வேறு வழி. அதே கிண்ணத்தில் தண்ணீரை நிரப்பி, அளவுக் குவளையில் கொட்டிப் பாருங்கள். வீட்டுக் கிண்ணங்கள் 150 மில்லியா, 250 மில்லியா என்பது அப்போதுதான் தெரியும். எவர்சில்வர் கிண்ணத்தின் பளபளப்பு ஆழம் அளக்கும் கருவிகளையே ஏமாற்றும், சாதாரணக் கேமராவின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. முக்கால் கிண்ணம் என்று எழுதினால் எத்தனை மில்லி என்று தெளிவாகிவிடும். அப்படியும் சாம்பாரில் ஒரு சந்தேகம் மிஞ்சும். பருப்பு அடியில் தங்கும், மேலே தெளிவு நிற்கும். கலக்கி எடுத்ததா, மேலாக எடுத்ததா என்பதைப் பொறுத்து புரதம் வெகுவாக மாறும். கலக்காமல் எடுத்த தெளிவுக்கு முழுக் கூட்டுப் புரதத்தைக் கணக்கில் ஏற்றினால் நஷ்டம் நமக்குத்தான்.

ஆழத்தைக் கண்ணால் பார்த்தாவது ஊகிக்கலாம், எண்ணெயை அப்படிக்கூட முடியாது. காய்க்குள் இறங்கிய எண்ணெய் படத்தில் விழாது. மேற்பரப்பில் மினுங்குவதுதான் தெரியும். அந்த மினுக்கமும் விளக்கு வெளிச்சத்துக்கு ஏற்ப மாறும், எண்ணெய் குறைவாக இருந்தாலும் தண்ணீர் மினுங்கும். கத்திரிக்காய் எண்ணெயை நன்றாக உறிஞ்சும். தட்டில் வறண்டு தெரியும் கத்திரிக்காய் வறுவலில் அதிகம் இருக்கலாம்.

பிழை ஏன் பெரிதாகிறது என்பதற்குக் காரணம் கொழுப்பின் அடர்த்தி. ஒரு கிராம் மாவுச்சத்திலும் புரதத்திலும் 4 கலோரி, கொழுப்பில் 9. ஒரு தேக்கரண்டி எண்ணெய் 5 மில்லி, எடை நாலரை கிராம், ஏறக்குறைய 40 கலோரி. தாளிக்கும்போது தாராளமாக ஊற்றும் கை, ஒரு கரண்டிக்கு எத்தனை தேக்கரண்டி ஊற்றுகிறது என்று யாரும் எண்ணிப்பார்ப்பதில்லை.

நாலு பேருக்கு அரை கிலோ உருளைக்கிழங்கு வறுவல் என்று எடுத்துக்கொள்வோம். சம பங்காகப் பிரித்தால் ஒருவருக்கு 125 கிராம் கிழங்கு, அதில் சுமார் 95 கலோரி, 21 கிராம் மாவுச்சத்து. இந்தப் பகுதி இரண்டு வீட்டிலும் ஒன்றுதான். ஒரு வீட்டில் 30 மில்லி எண்ணெயில் வறுத்தார்கள். ஒருவர் பங்கில் ஏறக்குறைய 7 கிராம் கொழுப்பு, 61 கலோரி. இன்னொரு வீட்டில் மொறுமொறுப்பு வேண்டும் என்று 80 மில்லி ஊற்றினார்கள், எல்லாம் வாணலியில் காய்ந்து கிழங்கில் இறங்கிவிட்டது. ஒருவர் பங்கில் 18 கிராம் கொழுப்பு, 165 கலோரி. மொத்தம் ஒன்றில் சுமார் 155 கலோரி, மற்றதில் 260. படத்தில் இரண்டும் பொன்னிற உருளைக்கிழங்கு. செயலி இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணைச் சொல்லும். கிழங்கின் மாவுச்சத்தில் அது தப்பாமல் போகலாம், கொழுப்பு இரண்டு மடங்குக்கு மேல் விலகிப்போகும்.

இதைச் சரிசெய்ய ஒரே ஒரு அளவீடு போதும். சமைப்பதற்கு முன் எண்ணெய் பாட்டிலைச் சமையலறைத் தராசில் வைத்து எடை பாருங்கள், ஊற்றிய பிறகு மறுபடி பாருங்கள். வித்தியாசம்தான் சேர்ந்த எண்ணெய், கிராமிலேயே கிடைத்துவிடும், மில்லியிலிருந்து மாற்றவேண்டாம். தராசு இல்லாத வீட்டில், இருமல் மருந்தோடு வரும் சிறு மூடிக்குவளையில் 5, 10, 15 மில்லிக் கோடுகள் இருக்கும். வழக்கமாக எண்ணெய் எடுக்கும் குழிக்கரண்டியில் அந்தக் குவளையால் எத்தனை முறை ஊற்றினால் நிரம்புகிறது என்று பாருங்கள். அந்த எண்ணைச் சமையலறைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம். பிறகு செயலிக் குறிப்பில் இப்படி எழுதலாம்: 'உருளைக்கிழங்கு வறுவல், பச்சைக் கிழங்கு 500 கிராம், நல்லெண்ணெய் 45 கிராம், என் பங்கு நாலில் ஒன்று.' படம் தராததை இந்த ஒரு வரி தந்துவிடும்.

இதிலும் சில பொறிகள் உண்டு. பூரி, வடை போன்ற பொரிப்பில் வாணலியில் ஊற்றியதெல்லாம் வயிற்றுக்குப் போவதில்லை. பொரிக்கும் முன் எண்ணெயின் எடையையும், ஆறிய பின் மிச்சத்தின் எடையையும் பார்த்து வித்தியாசத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். தெறித்ததும் காகிதத்தில் ஒற்றியதும் கொஞ்சம் குறைவுதான், அதைக் கணக்கில் விட்டுவிடலாம். காரக்குழம்பில் எண்ணெய் மேலே மிதக்கும். மேலாக எடுப்பவர் தட்டில் கூடுதலாகவும், அடியில் எடுப்பவர் தட்டில் குறைவாகவும் விழும். சமமாகப் பிரித்த கணக்கு அங்கே பொய்த்துப்போகும். இன்னொன்று, செயலியின் பட்டியலில் 'வறுவல்' என்ற பெயருக்குள் எண்ணெயும் ஏற்கெனவே சேர்ந்திருக்கலாம். நாமும் தனியாக எண்ணெயைச் சேர்த்தால் இரட்டைக் கணக்காகிவிடும். எண்ணெய் தனியாகப் பதிவு செய்கிறவர் 'வறுவல்' என்று போடாமல் 'வேகவைத்த உருளைக்கிழங்கு' என்று போடுவதே நல்லது.

சரியான கணக்கு வந்திருக்கிறதா என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது. மாவுச்சத்தையும் புரதத்தையும் 4ஆலும், கொழுப்பை 9ஆலும் பெருக்கிக் கூட்டிப் பாருங்கள். செயலி காட்டும் மொத்தக் கலோரியோடு பெருமளவு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனாலும் அது எண்களின் உள்முரண் இல்லை என்பதை மட்டும் சொல்லும், எண்ணெய் சரியா என்பதைச் சொல்லாது. அதற்கு உங்கள் பாட்டில் வித்தியாசத்தைத்தான் ஒப்பிட வேண்டும்.

ஒரு வாரச் சராசரி எடுத்தால் பிழைகள் ஒன்றையொன்று சமன் செய்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். சாதக் குவியலின் உயரம் ஒரு நாள் கூடுதலாகவும் ஒரு நாள் குறைவாகவும் ஊகிக்கப்படுவதால் அங்கே ஓரளவு உண்மை. எண்ணெய்ப் பிழை அப்படியில்லை. தாராளமாக ஊற்றும் சமையலறையில் ஏழு நாளும் ஒரே பக்கமே சாயும், சராசரியும் அதே பக்கம் சாய்ந்திருக்கும். ஆகவே எண்ணெயை ஒரு வாரம் எழுதி வைத்துக்கொள்வது, தினமும் தட்டைப் படம் எடுப்பதைவிடப் பயன் தரும் வேலை.

உயரமும் எண்ணெயும் சொல்லிவிட்டாலும் பிழை முற்றிலும் போய்விடாது. சாதத்தில் எத்தனை தண்ணீர் என்பது சமைப்பவரைப் பொறுத்தது, 100 கிராம் அரிசி சாதமாகும்போது 250 கிராமாகவும் ஆகலாம், 300 கிராமாகவும் ஆகலாம். இன்சுலின் ஊசியின் அளவை மாவுச்சத்தின் எண்ணை வைத்து முடிவு செய்கிறவர்கள் படத்தை மட்டும் நம்பக்கூடாது, சாதத்தைத் தராசில் வைத்தே எடுக்க வேண்டும். ஓட்டல் உணவுக்கோ எந்தப் பாட்டிலையும் நாம் எடை போட முடியாது. அங்கே ஒரே எண்ணைப் பதிவு செய்வதைவிட, கொழுப்பு 10லிருந்து 25 கிராம் வரை என்பதுபோல் எல்லையோடு எழுதிவைப்பதே நேர்மையான கணக்கு.