கடைசி தவணை கட்டியாச்சு, பத்திரம் எப்போ வரும்? வங்கியிடம் கேட்க வேண்டியது என்ன?

திருப்பூரில் பனியன் கம்பெனி போனஸ் கையில் வந்ததும், வீட்டுக் கடனை மொத்தமாக அடைத்துவிட நினைப்பவர்கள் உண்டு. ஆனால், ஆப்பில் தெரியும் பாக்கித் தொகையை மட்டும் கட்டினால் கடன் முடியாது. வங்கியிடம் ஃபோர்க்ளோஷர் ஸ்டேட்மென்ட் கேட்டு வாங்க வேண்டும்.

ஏன் அந்த ஸ்டேட்மென்ட்?

ஆப்பில் காட்டுவது அசல் பாக்கி. வட்டியோ தினமும் ஏறும். உதாரணத்துக்கு, அசல் 4,20,000 ரூபாய், வட்டி 9 சதவீதம் என்றால் ஒரு நாள் வட்டி சுமார் 104 ரூபாய். ஸ்டேட்மென்ட் 10-ம் தேதி வரை செல்லும் என்று இருந்து, நீங்கள் 13-ம் தேதி கட்டினால் 312 ரூபாய் குறையும். அந்தச் சின்னத் தொகைக்காகக் கணக்கு திறந்தே கிடக்கும். சிபிலிலும் கடன் பாக்கி என்றே காட்டும்.

கடிதம் எப்படி எழுதுவது?

"எனது வீட்டுக் கடன் கணக்கு எண் ____. கடன்தாரர், இணைக் கடன்தாரர் பெயர் ____. இந்தக் கடனை ____ தேதியில் முழுமையாக முடிக்க உள்ளேன். அன்றைய தேதி வரையிலான அசல், வட்டி, இதர கட்டணம், அதன்பின் ஒரு நாளுக்கான வட்டி ஆகியவற்றைத் தனித்தனியாகக் குறிப்பிட்டு 5 வேலை நாட்களுக்குள் ஸ்டேட்மென்ட் தரவும். பணம் கட்டியபின் நிலுவையில்லாச் சான்று, அசல் பத்திரங்கள், அடமான ரத்து ஆகியவற்றை 30 நாட்களுக்குள் முடித்துத் தரவும். தானாகத் தவணை பிடிக்கும் உத்தரவையும் ரத்து செய்யவும்."

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஈமெயில் அனுப்பினாலும் போதும்.

30 நாள் கணக்கு எங்கிருந்து வந்தது?

இது ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13-ல் போட்ட உத்தரவு. 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முழுப் பணமும் கட்டிய 30 நாளில் அசல் ஆவணங்களைத் திருப்பித் தந்து, அடமானப் பதிவையும் நீக்க வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால், ஒரு நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. பத்திரத்தை வங்கியே தொலைத்துவிட்டால், நகல் வாங்கித் தரும் செலவும் வங்கியுடையது. அதற்குக் கூடுதலாக 30 நாள் அவகாசம் உண்டு.

ஒன்றைக் கவனியுங்கள்: இந்த உத்தரவு வீட்டுக் கடன், கல்விக் கடன் போன்ற தனிநபர் கடன்களுக்குத்தான். நிட்டிங் மெஷின் வாங்கிய தொழில் கடனுக்கு இதைக் காட்டி இழப்பீடு கேட்க முடியாது. அதற்குக் கடன் ஒப்பந்தத்தில் உள்ள விதியைப் பாருங்கள்.

பத்திரம் வந்தால் முடிந்ததா?

இல்லை. அடமானம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருந்தால், அதற்கான ரசீது ஆவணமும் அங்கே பதிவாக வேண்டும். பிறகு tnreginet.gov.in தளத்தில் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். ரசீதுப் பதிவு அதில் இல்லையென்றால், நாளை வீட்டை விற்கும்போது சிக்கல்.

எழுத்துப் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வரவில்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால், cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். முத்திரை வாங்கிய அந்தப் பிரதிதான் அப்போது உங்கள் ஆதாரம்.