மேலே குர்த்தா, கீழே பேன்ட்

லுங்கிக்கு மேல் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு யாரும் தெருவில் இறங்குவதில்லை. ஏன் என்று கேட்டால் சட்டென்று காரணம் சொல்ல வராது, ஒட்டவில்லை என்பது மட்டும் பார்த்தவுடன் தெரியும். அதே லுங்கிக்குக் கட்டம்போட்ட அரைக்கைச் சட்டை பொருந்திப்போகிறது. வெள்ளைப் பருத்தி வேட்டிக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கல்யாணத்தன்று பட்டு வேட்டிக்குப் பட்டுச் சட்டை, வீட்டுக்குள் என்றால் பழைய வேட்டியும் பனியனும் என்று எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. காலரும் பொத்தானும் வைத்துத் தைத்த சட்டை மேற்கிலிருந்து வந்தது, இடுப்பில் சுற்றும் வேட்டி நம்முடையது. இரண்டையும் சேர்த்துப் போடுவதைக் கலப்பு உடை என்று இன்று யாரும் நினைப்பதுகூட இல்லை.

ஆக, இந்திய உடையோடு மேற்கத்திய உடையைச் சேர்ப்பதில் நமக்குப் பழக்கம் உண்டு. மேலே இருப்பதும் கீழே இருப்பதும் எந்த நாட்டிலிருந்து வந்தன என்பதை நம் கண் பொருட்படுத்துவதில்லை. இரண்டும் ஒரே படியில் நிற்கின்றனவா என்றுதான் பார்க்கிறது. ஆண்களின் வேட்டி சட்டையில் இது பல தலைமுறையாகப் படிந்துவிட்டது. பெண்கள் குர்த்தாவை ஜீன்ஸோடும் பேன்ட்டோடும் போடுவது அதைவிடப் புதிய பழக்கம், அதனால்தான் தடுமாற்றம் அங்கே அதிகம். நிறம் பொருந்துகிறதா என்று பத்து முறை பார்க்கிறார்கள், படி பொருந்துகிறதா என்று பார்ப்பதில்லை.

அக்கா மகள் ஒருநாள் அலுவலகத்திலிருந்து நேராக ஒரு திருமண வரவேற்புக்குப் போகவேண்டியிருந்தது. அவளிடம் பாட்டில் பச்சையில் ஒரு ராசில்க் குர்த்தா இருக்கிறது. கழுத்தைச் சுற்றி மெல்லிய ஜரிகை, 46 அங்குல நீளம். அதற்கான பலாசோ பேன்ட் அலுவலகத்துக்குச் சரிவராது என்று நீல ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். “சித்தி, பச்சைக்கும் நீலத்துக்கும் நல்லாத்தானே இருக்கு? அப்புறம் ஏன் பாதி உடுத்தின மாதிரி இருக்கு?” என்று கேட்டாள். கேள்வி சரியானது. நிறத்தில் ஒரு குறையும் இல்லை.

குறை எங்கே என்று பார்க்க ஜீன்ஸைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். அமெரிக்காவில் உடல் உழைப்பாளிகளுக்காகத் தைத்த பேன்ட் அது. பை கிழியாமல் இருக்கச் செம்பு ரிவெட் அடிக்கும் முறைக்கு ஜேக்கப் டேவிஸும் லெவி ஸ்ட்ராஸும் காப்புரிமை பெற்றது 1873இல். உழைப்புக்கான உடை என்பதால் அதன் தையலை ஒளித்துவைக்கவில்லை. இரட்டை வரியாக, கெட்டியான ஆரஞ்சு நூலில், வெளியே தெரியும்படி ஓடுகிறது. டெனிம் துணியில் பாவு நூலுக்கு மட்டும்தான் நீலச் சாயம், ஊடு நூல் வெள்ளை. பாவு நூலிலும் சாயம் மேற்பரப்பில்தான் பிடித்திருக்கும், உள்ளே வெள்ளையாகவே இருக்கும். உரச உரச அந்த வெள்ளை வெளியே வருவதைத்தான் ஜீன்ஸ் வெளுத்துவிட்டது என்கிறோம். வெளுப்பு கூடக்கூட அந்தத் துணி வேலை செய்து தேய்ந்த துணி என்று சொல்லிக்கொண்டே இருக்கும். கடையில் வாங்கும்போதே தேய்த்து வெளுத்துக் கொடுத்தாலும் கண்ணுக்கு அதே சேதிதான்.

பட்டு இதற்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்கிறது. பட்டிழையின் குறுக்குவெட்டு ஏறக்குறைய முக்கோணமாக இருக்கும். அதன் பக்கங்களில் ஒளி பட்டுத் திரும்புவதால்தான் அந்த மினுமினுப்பு. ராசில்க்கில் நூல் முண்டும் முடிச்சுமாக இருப்பதால் பளபளப்பு கொஞ்சம் அடங்கியிருக்கும், ஆனாலும் விளக்கு வெளிச்சத்தில் எழுந்து நிற்கும். அதன்மேல் ஜரிகையும் சேர்ந்தால் விசேஷ வீட்டுக்குப் புறப்பட்ட உடை என்று யாரும் சொல்லிவிடுவார்கள். பச்சைக் குர்த்தாவின் கீழ் மூன்று நான்கு அங்குலம் தெரிந்த ஜீன்ஸில் ஆரஞ்சுத் தையலும் வெளுத்த ஓரமும் மட்டுமே கண்ணில் பட்டன. மேலே வரவேற்பு, கீழே வேலைத்தளம்.

ஒரு துணி எந்தப் படியில் நிற்கிறது என்பதைக் கண்டுபிடிக்க நான் மூன்றைத்தான் பார்ப்பேன். ஒளியை எவ்வளவு திருப்புகிறது, இஸ்திரி மடிப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது, தையல் வெளியே தெரிகிறதா. பளபளப்பு கூடினால் விசேஷத்தின் பக்கம் போகும். மடிப்பு நின்றால் அலுவலகத்தின் பக்கம். தையல் வெளியே தெரிந்தால், துணி சுருக்கம் விழுந்தால், வாராந்திர விடுமுறையின் பக்கம். மேலும் கீழும் அச்சு வார்த்ததுபோல ஒரே படியில் இருக்கவேண்டும் என்பதில்லை. ஒரு படி முன்பின் இருந்தால் உடைக்கு அழகுதான் கூடும். இரண்டு படி தாண்டும்போதுதான் ஒட்டாமல் போகிறது.

அவளிடம் கறுப்பு சிகரெட் பேன்ட் ஒன்று இருந்தது. கணுக்காலில் நிற்பது, பளபளப்பு இல்லாதது, தையல் உள்ளடங்கியது. அதை மாற்றிப் போட்டதும் சிக்கல் தீர்ந்தது. துணி மங்கலாக இருந்ததால் பட்டின் மினுமினுப்போடு போட்டிக்கு வரவில்லை, தையல் தெரியாததால் பட்டைக் கீழே இழுக்கவும் இல்லை. பகலில் குர்த்தாவின் மேல் மெல்லிய கறுப்புக் கோட் ஒன்றைப் போட்டுக் கழுத்து ஜரிகையைப் பாதி மறைத்துக்கொண்டாள். மாலையில் கோட்டைக் கழற்றிவிட்டுக் காதில் ஜிமிக்கியைப் போட்டுக்கொண்டால் போதும். துப்பட்டா வேண்டாம் என்றேன். கோட்டும் பேன்ட்டும் வெட்டிய கோடுகளால் அழகு பெறுபவை, தோளில் மடிந்து விழும் துணி அந்தக் கோடுகளைக் கலைத்துவிடும்.

ஜீன்ஸுக்குக் குர்த்தாவே ஆகாது என்று இதற்குப் பொருள் இல்லை. கைத்தறிப் பருத்தி, லினன், அச்சுப் பருத்தி மூன்றும் ஜீன்ஸுக்கு அருகிலேயே நிற்பவை. துணி சரியாக இருந்தாலும் நீளம்தான் காலை வாரும். ஐந்தடி மூன்று அங்குல உயரமுள்ள ஒருவருக்கு, தோளிலிருந்து அளந்தால் 36 அங்குலக் குர்த்தா முட்டிக்கு வந்துவிடும், 29 அல்லது 30 அங்குலம் தொடை நடுவில் நிற்கும். ஜீன்ஸுக்கு இந்தத் தொடை நடு நீளம்தான் மிக ஒழுங்காக அமைகிறது, ஜீன்ஸ் ஒரு முழு உடையாகக் கண்ணுக்குத் தெரியும். 46 அங்குலத்துக்குக் கீழே அது எட்டிப் பார்த்தால், சுடிதார் துவைக்கப் போட்டிருக்கிறாள் போலும் என்று தோன்றும்.

நீளக் குர்த்தாவைக் குட்டையாக்கத் தையல்காரரிடம் கொடுப்பவர்கள் பக்கவாட்டு ஸ்லிட்டை மறந்துவிடுகிறார்கள். எங்கள் தெருத் தையல்காரர் இதில் கறார். “அக்கா, நீளத்தை மட்டும் வெட்டினா பாதி வேலைதான். ஸ்லிட்டை இறக்கலேன்னா நடக்கும்போது ஜீன்ஸ் பாக்கெட்டு, ரிவெட்டு, பெல்ட் மாட்டுற வளையம் எல்லாம் வெளிய வந்துடும்” என்பார். அவர் சொல்வது சரி. நீளக் குர்த்தாக்கள் பலவற்றில் ஸ்லிட் இடுப்புக்குச் சற்றுக் கீழேயே தொடங்கிவிடும். அடியில் சுடிதார் இருந்தால் தொந்தரவில்லை. ஜீன்ஸில் அந்த இடத்தில்தான் பை வாயும் ரிவெட்டும் இருக்கின்றன. மேலே சொன்ன உயரத்துக்குத் தோளிலிருந்து 22 அங்குலத்தில் ஸ்லிட் தொடங்கினால் பை வாய் பெரும்பாலும் மறைந்துவிடும், கால் வீச ஏழெட்டு அங்குலத் திறப்பும் மிஞ்சும். வெட்டுவதற்கு முன் அடிக்கரையில் ஜரிகையோ பார்டரோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தக் குர்த்தாவைத் தொடாமல் விடுவதே நல்லது. கரையை வெட்டி மேலே ஏற்றித் தைத்தால் ஸ்லிட் ஓரத்தில் டிசைன் சேராமல் தெரியும்.

ஜீன்ஸிலேயே படிகள் உண்டு. வெளுப்பில்லாத கருநீலம், துணி நிறத்திலேயே தையல் நூல், கிழிசல் இல்லை என்றால் அது பேன்ட்டுக்கு அருகில் வந்துவிடும். டசர் குர்த்தாவைப் போன்ற அடங்கிய பட்டைக்கூட அதன் மேல் போடலாம். பட்டோடு ஜீன்ஸ் போடவேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு நான் சொல்லும் ஒரே வழி இதுதான். ப்ரோகேட், கனத்த ஜரிகை, கல் பதித்த வேலைப்பாடு இவற்றை எந்த ஜீன்ஸும் தாங்காது.

எதிர்ப்பக்கத்துக்கு வருவோம். கீழே இந்திய உடை, மேலே சட்டை. அம்மாவின் பழைய பட்டுப்புடவையில் நீளப் பாவாடை தைத்து வெள்ளைச் சட்டையோடு போடுவது இப்போது பலருக்குப் பிடித்திருக்கிறது, எனக்கும்தான். இங்கே முழுப் பொறுப்பும் சட்டையின் மேல் விழுகிறது. காலர் நுனியில் பொத்தான் வைத்த ஆக்ஸ்ஃபோர்டு சட்டை வேண்டாம், அதன் நெசவு கொரகொரப்பாகத் தெரியும், அது பட்டைவிட வெகுவாகக் கீழே நிற்கும். நெருக்கமாக நெய்த பாப்ளின் போதும், மார்பில் பை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். சட்டையின் அடி ஓரம் வளைவாக இருந்தால் அது உள்ளே செருகுவதற்காக வெட்டியது, செருகித்தான் போடவேண்டும். வெளியே விடவேண்டுமென்றால் நேராக வெட்டிய ஓரம் தேவை. பாவாடையின் பட்டியில் நாடாவுக்குப் பதில் பக்கவாட்டில் ஜிப் வைக்கச் சொல்லுங்கள். நாடாச் சுருக்கத்தின் மேல் சட்டையைச் செருகினால் இடுப்பு உப்பிக்கொள்ளும்.

இவ்வளவு கவனித்தும் சில வாசல்களில் எடுபடாது. 2014இல் வேட்டி கட்டிவந்தார் என்பதற்காகச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே நகரத்துக் கிளப் ஒன்று உள்ளே விடவில்லை. அதே ஆண்டு தமிழகச் சட்டமன்றம் அத்தகைய தடையை நீக்கச் சட்டம் இயற்றியது. அந்த உடையில் படிக் குறைவு ஏதும் இல்லை. கிளப்பின் விதி உடை எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் பார்த்தது. இன்றும் சில அலுவலகங்களின் உடை விதிகள் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ஜீன்ஸ் கூடாது என்று ஒரு வரி இருந்தால் எவ்வளவு கருநீலமாக இருந்தாலும் கூடாதுதான்.

மற்ற இடங்களுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. உடுத்திக்கொண்டு பகல் வெளிச்சத்தில் கைப்பேசியில் முழு உருவப் படம் எடுங்கள். இடுப்புக்குக் கீழே விரலால் மறைத்து, மேல்பாதியில் இருப்பவர் எங்கே புறப்பட்டிருக்கிறார் என்று வீட்டில் ஒருவரிடம் கேளுங்கள். பிறகு மேல்பாதியை மறைத்து அதே கேள்வி. அலுவலகம், அலுவலகம் என்று வந்தால் கிளம்பலாம். அலுவலகம், விருந்து என்று வந்தாலும் பெரிய பிழையில்லை. கல்யாணம், கடைத்தெரு என்று வந்தால் கீழே இருப்பதை மாற்றுங்கள், பெரும்பாலும் அதை மாற்றுவதுதான் சுலபம்.