ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு ஏக்கர் தக்காளியும்

சொட்டுநீர்க் குழாயில் ஒரு துண்டை வாங்கி, பிளேடால் நீளவாக்கில் கீறிப் பாருங்கள். உள்சுவரில் விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளமான பிளாஸ்டிக் பட்டை ஒன்று ஒட்டியிருக்கும். அதில் ரம்பப் பல் மாதிரி வளைந்து வளைந்து ஓடும் ஒரு வாய்க்கால், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அகலத்தில். தண்ணீர் ஒவ்வொரு பல்லிலும் மோதி வேகம் இழந்து, கடைசியில் சொட்டாக வெளியே வருகிறது. இதுதான் டிரிப்பர். கடைக்காரர் காட்டும் மற்ற சாமான்கள் எல்லாம் இந்த வாய்க்கால் அடைபடாமல் இருப்பதற்காகத்தான்.

இப்படிக் குழாய்க்குள்ளேயே டிரிப்பர் வைத்து வருவது இன்லைன். நெருக்கமாக நடும் காய்கறிக்கு அது சரி. தென்னை, மா போன்றவற்றுக்கு வெறும் குழாயில் துளையிட்டு வெளியே செருகும் ஆன்லைன் டிரிப்பர் நல்லது. மரம் வளர வளர இன்னும் இரண்டு செருகிக்கொள்ளலாம்.

காய்கறிக்காரர்கள் சறுக்குவது மணிக்கு எத்தனை லிட்டர் என்பதில். ஒரு ஏக்கர் தக்காளி, 4 அடிக்கு ஒரு வரிசை என்றால் சுமார் 3,300 மீட்டர் குழாய் வேண்டும். 40 சென்டிமீட்டருக்கு ஒரு டிரிப்பர் என்றால் 8,000க்கு மேல் வரும். 2 லிட்டர் டிரிப்பர் வாங்கினால் முழு வயலுக்கும் மணிக்கு 16,500 லிட்டர், 4 லிட்டர் வாங்கினால் 33,000. உங்கள் போர் 8,500 லிட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் வயலை இரண்டாகப் பிரித்து வால்வு வைத்தால் போதும், இரண்டாவதில் நான்காக. அதோடு 4 லிட்டர் குழாயில் உராய்வு கூடுவதால் வரிசையின் கடைசிச் செடிக்கு அழுத்தம் குறையும். நீளமான வரிசைக்கு 2 லிட்டர்தான் என் தேர்வு. தண்ணீர் சட்டென்று கீழே இறங்கிவிடும் மணற்பாங்கான நிலமானால் டிரிப்பர் இடைவெளியையும் 30 சென்டிமீட்டராகக் குறைக்கலாம். அப்போது டிரிப்பர் எண்ணிக்கை கூடும், கணக்கை மறுபடி போட வேண்டும்.

போர் கொடுப்பதை வாளி வைத்து அளக்கும்போது ஒரு தந்திரம் இருக்கிறது. திறந்த வாயில் கொட்டும் தண்ணீர் கணக்கில் வராது. சொட்டுநீருக்கு ஃபில்டரைத் தாண்டி அழுத்தம் வேண்டும், அந்த அழுத்தத்தில் மோட்டார் தள்ளும் அளவு குறையும். வால்வைத் திருகி, மீட்டரில் 1.5 கிலோ அழுத்தம் காட்டும் நிலையில் அளந்தால்தான் உண்மை தெரியும்.

மேடு பள்ளமான நிலமானால் அழுத்தத்தைச் சமன் செய்யும் ரப்பர் சவ்வு வைத்த டிரிப்பர் வேண்டும். விலை கூடுதல். சமதளத்தில் அது வீண் செலவு.

இனி ஃபில்டர். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து ஜன்னலோரம் வையுங்கள். உடனே அடியில் மணல் படிந்தால் ஹைட்ரோசைக்ளோன் தேவை. அது தண்ணீரைச் சுழற்றி மணலைக் கீழே ஒதுக்கும். கிணறு, குட்டைத் தண்ணீரில் பச்சையாக மிதந்தால் அது பாசி. வலை ஃபில்டர் அதற்குத் தாங்காது; மணல் ஃபில்டர் வைத்து, அதற்குப் பின்னால் வலை அல்லது டிஸ்க் வைக்க வேண்டும்.

ஏமாற்றுவது மூன்றாவது வகை. பிடிக்கும்போது பளிங்கு மாதிரி இருக்கும், மறுநாள் காலையில் அடியில் துரு நிறப் படிவு. அது இரும்பு. என் உறவினர் ஒருவர் தோட்டத்தில் இரண்டாம் பருவத்தில் வரிசைக் கடைசிச் செடிகள் வாட ஆரம்பித்தன. ஃபில்டரைக் கழற்றினால் சுத்தமாக இருந்தது. கடைசிக் குழாயைக் கீறிப் பார்த்தோம். பற்களுக்கிடையே செங்காவிக் களிம்பு. கரைந்த இரும்பு எந்த வலையிலும் சிக்காது. காற்றுப் பட்டபின்தான் கெட்டியாகிறது, அதுவும் டிரிப்பருக்குள்ளேயே. போர்த் தண்ணீரைத் தொட்டியில் உயரத்திலிருந்து கொட்டவிட்டு, ஓர் இரவு தெளியவைத்து, பிறகு மணல் ஃபில்டர் வழியாக அனுப்பியதும்தான் பிரச்சினை குறைந்தது. அவருக்கு விற்றவர் தண்ணீரைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் என்பதால், கொடுத்ததை வாங்கிக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. மானியம் வாங்கியபின் மறுபடி கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகும், அதனால் கம்பெனியை நீங்களே தேர்ந்தெடுங்கள். கம்பெனிக்காரர் தண்ணீர்ப் பரிசோதனை கேட்கிறாரா, வால்வு பிரிப்பை வரைந்து காட்டுகிறாரா என்று கவனியுங்கள். இன்லைன் குழாயின் மேல் கம்பெனி பெயரோடு IS 13488 என்ற எண் அச்சிட்டிருக்க வேண்டும். ஃபில்டரின் ரப்பர் வளையமும் வலையும் பக்கத்து ஊர்க் கடையில் கிடைக்கின்றனவா என்று நேரில் போய்க் கேளுங்கள். பத்து ரூபாய் வளையம் இல்லாமல் ஃபில்டரையே கழற்றி ஓரம் கட்டிய தோட்டங்கள் உண்டு.

பொருத்தி முடித்த அன்று இரண்டு டம்ளரை எடுத்து, வரிசையின் முதல் டிரிப்பருக்கும் கடைசி டிரிப்பருக்கும் அடியில் மண்ணைத் தோண்டி வையுங்கள். 2 லிட்டர் டிரிப்பர் 3 நிமிடத்தில் 100 மில்லி தர வேண்டும். முதலாவதில் 100, கடைசியில் 90 என்றால் பரவாயில்லை. கடைசியில் 75 தான் என்றால், வந்த ஆளை அனுப்பிவிடாதீர்கள்.