பக்கத்து இடத்தில் செட் எழும்போது

அடுத்த இடத்துக்காரர் அளவுக்கல்லைத் தாண்டி மூன்று அடி உள்ளே வந்து செட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பார்த்தவர், "பழகின மனுசன், அப்புறம் பேசிக்கலாமுங்க" என்று விட்டுவிடுகிறார். கூரை ஏறி, நிட்டிங் மெஷின் இறங்கி, கரண்ட் கனெக்‌ஷனும் வந்த பிறகு இடிக்கச் சொல்லி வழக்குப் போடுகிறார். கட்டும்போது எங்கே இருந்தீர்கள் என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் கேள்வியாக இருக்கும்.

இந்த விவகாரத்தில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு, திருப்பூரைப் போலவே துணித் தொழிலில் வளர்ந்த ஊரில் பிறந்தது. இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் ராம்ஸ்டன் குடும்பத்து நிலத்தில் குடியிருந்த தார்ன்டன், நீண்ட குத்தகை கிடைக்கும் என்று நம்பிக் கட்டடம் எழுப்பினார். வழக்கு 1866-இல் பிரபுக்கள் சபை வரை போனது. அங்கே கிரான்வொர்த் பிரபு விளக்கியது இதுதான்: தன் நிலம் என்று தவறாக நம்பி ஒருவர் உங்கள் நிலத்தில் கட்டுகிறார், அவர் தவறுகிறார் என்று தெரிந்தும் நீங்கள் வாய் திறக்கவில்லை, அப்படியானால் பிறகு உரிமை கொண்டாட முடியாது. ஆனால் நிலம் அடுத்தவருடையது என்று தெரிந்தே கட்டியவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. நிலம் யாருடையது என்று அறிந்திருந்த தார்ன்டன் தோற்றார்.

நம் சட்டத்தில் இதற்கு முரண்தடை என்று பெயர். 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, இப்போது பாரதிய சாக்‌ஷ்ய அதினியத்தில் 121-ஆக இருக்கிறது. சொல்லாலோ செயலாலோ, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டோ, ஒருவரை வேண்டுமென்றே நம்பவைத்தவர் பிறகு மாற்றிப் பேச முடியாது. ஆகவே வெறும் மௌனம் மட்டும் உங்கள் நிலத்தைப் பறித்துவிடாது. எல்லை எங்கே என்று உங்களுக்கே தெரியாதிருந்தால் உங்கள் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ள முடியாது. நம்பி ஏமாந்தேன் என்பதைக் கட்டியவர்தான் நிரூபிக்க வேண்டும்.

என் பார்வையில் பலர் சறுக்கும் இடம், வாயால் மட்டும் ஆட்சேபித்துவிட்டு இருப்பது. சொன்னதற்குச் சாட்சி இல்லாவிட்டால் சொல்லாததற்குச் சமம். பில்லர் குழி தெரிந்த அன்றே தேதியோடு போட்டோ எடுங்கள். ஒப்புகையோடு தபாலில் ஆட்சேபனை அனுப்புங்கள். தாலுகா அலுவலகத்தில் நில அளவைக்கு மனுக் கொடுங்கள். வேலை நிற்காவிட்டால் உரிமையியல் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை கேட்டு, இருக்கும் நிலையைப் பதிவுசெய்ய வழக்கறிஞர் ஆணையரையும் கேளுங்கள். கட்டி முடிந்தபின் போனால், இடிக்கச் சொல்வதற்குப் பதிலாக இழப்பீட்டோடு நீதிமன்றம் நிறுத்திக்கொள்ளவும் கூடும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அனுமதி விதியை மீறிய கட்டடத்துக்கு அக்கம்பக்கத்தாரின் மௌனம் கவசமாகாது. உடுப்பி திரையரங்கு வழக்கில் 1974-இலேயே உச்ச நீதிமன்றம், சட்ட அதிகாரத்தை மீறித் தரப்பட்ட அனுமதி யாருடைய இசைவாலும் செல்லுபடியாகாது என்று சொல்லிவிட்டது. சுவர் உங்கள் எல்லைக்கு வெளியே இருந்தாலும், வரைபட அனுமதியை மீறியிருந்தால் மாநகராட்சியிடம் முறையிடலாம்.