ஒரே விளிம்பில் மாறும் ரெஜிஸ்டர்கள்

சிப்புகளை வடிவமைக்கப் பயன்படும் வெரிலாக் மொழியில் ஒரு மதிப்பை எழுத இரண்டு குறிகள் உண்டு. `=` போட்டால் மதிப்பு உடனே மாறும். அதன் பிறகே அடுத்த வரி ஓடும். `<=` போட்டால் மாற்றம் சற்றுத் தள்ளிப்போகும். ரெஜிஸ்டர்களுக்கு இரண்டாவதுதான் பொருந்தும். ஏன் என்பதை ஃபிளிப்ஃப்ளாப்பிலிருந்து பார்ப்பதே நேர்வழி.

ஃபிளிப்ஃப்ளாப் ஒரு பிட்டைத் தாங்கும் சுற்று. க்ளாக் 0-இலிருந்து 1-க்கு ஏறும் விளிம்பில், தன் உள்ளீட்டில் இருப்பதை அது பிடித்துக்கொள்கிறது. பிடித்தது வெளியீட்டில் தெரியச் சிறிது நேரமாகும். அதற்குள் பக்கத்து ஃபிளிப்ஃப்ளாப்பும் தன் உள்ளீட்டைப் பிடித்து முடித்துவிடும். ஆகவே எல்லா ரெஜிஸ்டர்களும் பார்ப்பது விளிம்புக்கு முந்தைய மதிப்புகளையே.

இரண்டு ரெஜிஸ்டர்கள் தம் மதிப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். இப்போது a-இல் 1, b-இல் 0 என்று கொள்ளலாம்.

```
always @(posedge clk) a = b;
always @(posedge clk) b = a;
```

க்ளாக் ஏறியதும் இரு தொகுதிகளும் ஓடத் தயாராகின்றன. ஆனால் சிமுலேட்டர் ஒன்றன்பின் ஒன்றாகவே ஓட்டும். எது முதலில் என்பதை மொழியின் தரவரையறை சொல்வதில்லை. முதல் வரி முந்தினால் a 0 ஆகிவிடும், b அந்தப் புதிய 0-வைப் படிக்கும், இரண்டும் 0. இரண்டாவது முந்தினால் இரண்டும் 1. எந்த வரிசையிலும் இடமாற்றம் நடக்கவில்லை. இதே வரிகளிலிருந்து உருவாகும் சுற்றிலோ இரு ஃபிளிப்ஃப்ளாப்புகள் ஒழுங்காக மாற்றிக்கொள்ளும். சோதனை ஒன்றைக் காட்ட, சிப் வேறொன்றைச் செய்வதுதான் இதிலுள்ள உண்மையான ஆபத்து.

```
always @(posedge clk) a <= b;
always @(posedge clk) b <= a;
```

இங்கே ஒவ்வொரு வரியும் ஓடும்போது வலப்பக்கம் மட்டும் கணக்கிடப்படுகிறது: a-க்கு 0, b-க்கு 1. அவை ஒதுக்கி வைக்கப்படும். அந்த விளிம்பில் ஓட வேண்டிய எல்லாத் தொகுதிகளும் ஓடிய பின்னரே இடப்பக்கங்கள் மாறும். சிமுலேஷன் நேரம் துளியும் நகர்வதில்லை. படிக்கும் கட்டமும் எழுதும் கட்டமும் மட்டும் பிரிந்துவிடுகின்றன. எனவே எந்த வரி முந்தினாலும் a 0, b 1. ஃபிளிப்ஃப்ளாப்பின் வெளியீட்டுத் தாமதம் சிலிக்கானில் செய்வதை இந்தப் பிரிப்பு சிமுலேட்டரில் செய்கிறது.

குறி தவறினால் அலைவரைபடத்தில் அடையாளம் தெரியும். அடுத்தடுத்த இரண்டு ரெஜிஸ்டர்களைத் தரவு ஒரே விளிம்பில் கடந்திருக்கும். சிமுலேட்டரை மாற்றினால் விடையும் மாறுவது இன்னொரு அடையாளம்.

எல்லா ரெஜிஸ்டர்களுக்கும் க்ளாக் ஒரே கணத்தில் வந்து சேர்வதாகவே இந்தக் குறி எடுத்துக்கொள்கிறது. நிஜச் சிப்பில் க்ளாக் ஒரு ஃபிளிப்ஃப்ளாப்புக்கு மிகத் தாமதமாக வந்தால், முந்தையதன் புதிய மதிப்பு அதற்குள் வந்து சேர்ந்து பழையதை அழித்துவிடலாம். அந்தப் பிழையை `<=` காட்டாது. கம்பிகளின் தாமதங்களைக் கணக்கிடும் நேரப் பகுப்பாய்வே காட்டும்.