சத்தம் வருது, படம் வரலை

தங்கை மகளின் வளைகாப்பு வீடியோவைப் பெரிய திரையில் பார்க்கலாம் என்று பென் டிரைவை டிவியில் செருகினோம். கோப்பின் பெயரே பட்டியலில் வரவில்லை. ஐபோனில் எடுத்த வீடியோ அது, பெயர் .MOV என்று முடிந்தது. "பேரை .mp4-னு மாத்திட்டா போதும் மாமா" என்றான் தங்கை மகன். மாற்றினான். இப்போது பெயர் வந்தது, நலங்குப் பாட்டும் கேட்டது, ஆனால் திரை கருப்பாகவே இருந்தது. அதே பென் டிரைவை மடிக்கணினியில் செருகி விஎல்சியில் திறந்தால் வளையல் அடுக்குவது வரை பளிச்சென்று ஓடியது.

வீட்டில் எல்லாரும் டிவியைத் திட்டினார்கள். டிவி பழையதுதான், பழுதானது அல்ல.

.mp4, .mov, .mkv என்று பெயரின் வாலில் இருப்பதெல்லாம் கன்டெய்னரின் பெயர். அதை ஒரு டிபன் கேரியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அடுக்கில் படம், ஓர் அடுக்கில் ஒலி, தேவைப்பட்டால் இன்னோர் அடுக்கில் சப்டைட்டில். எந்த நொடிப் படத்தோடு எந்த நொடி ஒலி சேர வேண்டும் என்ற குறிப்பும் அதில் உண்டு. அடுக்குக்குள் இருப்பது சாம்பாரா ரசமா என்பதைக் கேரியரின் பெயர் சொல்லாது. .mov, .mp4 இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அமைப்பு என்பதால்தான் பெயரை மாற்றியதும் டிவி மூடியைத் திறந்துவிட்டது. உள்ளே இருந்த ஒலி அதற்குத் தெரிந்த ஏஏசி வகை, அதனால் பாட்டு கேட்டது. படம் மட்டும் தெரியாத வகை.

அந்த வகைதான் கோடெக். முழு எச்டி படத்தைச் சுருக்காமல், நொடிக்கு 25 பிரேம் வீதம் அப்படியே சேமித்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 560 ஜிபி ஆகும். சாதாரணப் பென் டிரைவ் தாங்காது. அதனால் முந்தின பிரேமிலிருந்து எது மாறியதோ அதை மட்டும் குறித்துவைப்பது போன்ற தந்திரங்களால் படத்தைச் சுருக்குகிறார்கள். சுருக்கெழுத்து மாதிரிதான். எந்த முறையில் எழுதினார்களோ அந்த முறை தெரிந்தவரால்தான் வாசிக்க முடியும். 2003-இல் வந்த H.264 அநேகமாக எல்லாக் கருவிக்கும் தெரியும். 2013-இல் வந்த H.265, அதாவது HEVC, ஏறக்குறைய பாதி இடத்தில் அதே தரத்தைத் தருகிறது. 2017-இலிருந்து புதிய ஐபோன்கள் வழக்கமாக இதில்தான் பதிவு செய்கின்றன. எங்கள் டிவி அதற்கு முந்தையது. சுருக்கத்தைப் பிரிக்கும் வேலையை டிவியில் ஒரு சிப் செய்கிறது. அதில் இல்லாத கோடெக்கைப் பிறகு கற்றுக்கொடுக்க முடியாது. விஎல்சியோ பிரிக்கும் நிரல்களைத் தன்னோடே சுமந்து வருகிறது. வித்தை அவ்வளவுதான்.

உங்கள் கோப்பில் என்ன இருக்கிறது என்று பார்க்க, விஎல்சியில் Tools மெனுவில் Codec Information என்பதைத் திறங்கள். படத்துக்கு ஒரு பெயர், ஒலிக்கு ஒரு பெயர் இருக்கும். படம் ஓடி ஒலி மட்டும் வரவில்லை என்றால், ஒலி வரியில் பெரும்பாலும் DTS போன்ற ஒன்று இருக்கும்.

கோடெக் தெரிந்தும் படம் திக்கித் திக்கி ஓடினால் பிட்ரேட்டைப் பாருங்கள். ஒரு நொடிப் படத்துக்குச் செலவாகும் தரவின் அளவு அது. நொடிக்கு 8 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரம் 3.6 ஜிபி. நொடிக்கு 50 மெகாபிட் என்றால் 22.5 ஜிபி. பழைய டிவியின் யுஎஸ்பி துளையோ சிப்போ இவ்வளவு வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் மூச்சு வாங்கும்.

எங்கள் வீடியோவுக்குப் பெயர் மாற்றம் போதாது, படத்தையே H.264-இல் மறுபடி எழுத வேண்டியிருந்தது. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச நிரலில் இது ஒரே வரி:

```
ffmpeg -i valaikappu.mov -c:v libx264 -crf 20 -pix_fmt yuv420p -c:a copy valaikappu-tv.mp4
```

`-crf 20` தரத்துக்கான எண். அது கூடினால் கோப்பு சிறுக்கும், படமும் மங்கும். `-pix_fmt yuv420p` இல்லாவிட்டால், மூலம் 10 பிட் வண்ணத்தில் இருக்கும்போது புதுக் கோப்பும் டிவியில் கருப்பாகவே நிற்கும். `-c:a copy` ஒலியைத் தொடாமல் அப்படியே எடுத்து வைக்கிறது. படத்துக்கும் `copy` என்று கொடுத்தால் கேரியர் மட்டும் மாறும், சில நொடிகளில் முடிந்துவிடும். ஆனால் எங்களுக்கு அது பயன்படாது. மறுபடி எழுதுவதற்கு அரை மணி நேரம் பிடித்தது.

ஐபோன்காரர்கள் அடுத்த விசேஷத்துக்கு முன்பே Settings, Camera, Formats என்று போய் Most Compatible என்பதைத் தொட்டுவிடுங்கள். இடம் கூடுதலாகத் தின்னும், டிவியில் ஓடும். மறுபடி எழுதும் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் குறையும், போனது திரும்பாது. டிவியில் ஓடிவிட்டதே என்று மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.