ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

ஜிம்மில் சேர்ந்த அன்றே பல இடங்களில் ஒரு சார்ட் கொடுத்துவிடுவார்கள். 12 வாரத்துக்கும் எந்த வாரம் எத்தனை கிலோ, எத்தனை செட் என்று அச்சடித்தே வந்திருக்கும். மூன்றாவது வாரம் உங்கள் சொந்தத்தில் கல்யாணம், ஐந்தாவது வாரம் உங்களுக்குக் காய்ச்சல் என்பதெல்லாம் அதைத் தயாரித்தவருக்குத் தெரிய வழியில்லை. வாரத்துக்கு வெறும் ஐந்து சதவீதம் கூட்டினால் போதும் என்று சில சார்ட்டுகள் சொல்லும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 10 கிலோவில் ஆரம்பித்து ஒரு வாரம் விடாமல் அப்படிக் கூட்டிக்கொண்டே போனால் வருடக் கடைசியில் 126 கிலோ தூக்க வேண்டியிருக்கும். வட்டிக்கு வட்டி போடுகிற கணக்கு உடம்பிடம் செல்லாது.

இதற்கு மாற்றான வழி புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சிகாகோவிலிருந்த ராணுவ மருத்துவமனையில், முழங்காலில் அடிபட்டு வந்த சிப்பாய்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்துத் தேற்றினார் தாமஸ் டிலோர்ம் என்ற மருத்துவர். 1945-இல் அதைப் பற்றி எழுதினார். பத்து முறை தூக்க முடிகிற, பதினோராவது முறை தூக்க முடியாத எடை எது என்று ஒவ்வொரு நோயாளிக்கும் கண்டுபிடிப்பார். வாரம் ஒரு முறை அதைத் திரும்பச் சோதிப்பார். அந்த வாரம் கிடைத்த எடைதான் அடுத்த வாரப் பயிற்சிக்கு அடிப்படை. 1979-இல் கென்னத் நைட் என்பவர், இதுவும் முழங்கால் சிகிச்சைக்காகத்தான், இதை இன்னும் நெருக்கமாக்கினார். முழு எடையில் நோயாளி எத்தனை முறை தூக்கினார் என்று பார்ப்பார். ஐந்திலிருந்து ஏழு என்றால் எடை அப்படியே இருக்கும். எட்டு, அதற்கு மேல் என்றால் எடை கூடும். நான்கு, அதற்குக் கீழே என்றால் குறையும். மருத்துவர் மனதில் நினைத்த எடைக்கு அங்கே வேலை இல்லை. நோயாளி தூக்கியதுதான் கணக்கு.

வீட்டில் இதைச் செய்ய ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு பயிற்சிக்கும் எடை, ஒவ்வொரு செட்டிலும் எத்தனை ரெப், கடைசி செட் முடிந்ததும் ‘இன்னும் எத்தனை முடிந்திருக்கும்’ என்ற மதிப்பு ஆகியவற்றை எழுத வேண்டும். நாள் தவறினால் ஏன் தவறியது என்று இரண்டே வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிட்டு அடுத்த வார இலக்கை எழுதுவது. அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் எதைப் பார்த்து முடிவெடுப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

ஒரு நோட்டையே எடுத்துக்கொள்வோம். நாற்பத்து நான்கு வயதில் முதல் முறையாக டம்பெல் பிடிக்கும் ஒரு பெண்மணி, ஏதோ ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாள் பயிற்சி. 10 கிலோ டம்பெலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஸ்குவாட், 7.5 கிலோவில் ஒற்றைக் கை ரோ, கைக்கு 5 கிலோ வைத்து ஷோல்டர் பிரஸ். எல்லாவற்றிலும் மூன்று செட், செட்டுக்குப் பத்து ரெப் இலக்கு.

முதல் வாரக் கடைசியில் ஸ்குவாட்டில் 10, 10, 10 என்று எழுதியிருக்கிறார். இன்னும் மூன்று முடிந்திருக்குமாம். இலக்கும் முடிந்து, இரண்டோ அதற்கு மேலோ மிச்சமும் இருந்தால் கூட்டலாம். எடையை அல்ல, ரெப்பை. கடைகளில் கிடைக்கும் டம்பெல்கள் பெரும்பாலும் இரண்டரை கிலோ இடைவெளியில்தான் வருகின்றன. 10-லிருந்து 12.5 என்றால் ஒரே தாவலில் கால் பங்கு கூடிவிடுகிறது. ஆகவே அடுத்த வாரம் பதினொன்று, அதற்கடுத்து பன்னிரண்டு, மூன்று செட்டிலும் பன்னிரண்டைத் தொட்ட பிறகே 12.5 கிலோ. அப்போதும் எட்டு ரெப்பிலிருந்து மறுபடி ஏற வேண்டும்.

ரோவில் 10, 10, 9. ஒன்றுதான் குறை. இதற்கு எதையும் மாற்றத் தேவையில்லை, அதே இலக்கு.

ஷோல்டர் பிரஸ்ஸில்தான் விஷயம். 10, 8, 6. ‘முடியவில்லை’ என்று எழுதி, எடையைப் பாதியாக்கி 2.5-க்கு இறங்கிவிடத் தோன்றும். கூட்டிப் பாருங்கள், மொத்தம் 24 ரெப் போட்டிருக்கிறார். முதல் செட்டிலேயே பத்தைப் பிடிக்க முட்டி மோதியதால் மூன்றாவது செட்டுக்குத் தோளில் ஒன்றும் மிஞ்சவில்லை. அதே 24-ஐ 8, 8, 8 என்று பிரித்து அடுத்த வார இலக்காக வைத்தால் எடையைக் குறைக்காமலே சமாளிக்கலாம். ரெப்பும் ஒழுங்காக வரும்.

இரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமைப் பக்கம் காலி. ‘கல்யாணம், காரைக்குடி’ என்று மட்டும் இருக்கிறது. செய்த இரண்டு நாளில் ஸ்குவாட் 11, 11, 11, மிச்சம் இரண்டு. ரோ 10, 10, 10, ஆனால் மிச்சம் ஒன்றுதான். பிரஸ் 8, 8, 7. இந்த வாரத்தை எப்படி மதிப்பிடுவது? மூன்றில் இரண்டு, அதாவது அறுபத்தாறு சதவீதம், ஃபெயில் என்று ஒரு ஆப் சொல்லக்கூடும். டிக் விழாத கட்டம் ஏன் காலியாக இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. நேரம் கிடைக்காமல் போனதும் உடம்பு முடியாமல் போனதும் நோட்டில் ஒரே வெற்றிடமாகத்தான் தெரியும், ஆனால் இரண்டுக்கும் மருந்து வேறு. நேரம் இல்லாமல் தவறிய நாளுக்காக எடையைக் குறைப்பதில் பொருளில்லை. செய்த இரண்டு நாளை வைத்து முடிவெடுத்தால் போதும். ஸ்குவாட் பன்னிரண்டுக்குப் போகும், மற்ற இரண்டும் அதே இடத்தில் நிற்கும்.

தவறியதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிச் சேர்ப்பதும் கூடாது. வெள்ளிக்கிழமைப் பாக்கியை ஞாயிறு காலையில் முடித்துவிட்டு, திங்கள் மறுபடி டம்பெலை எடுப்பவர்கள் உண்டு. புதிதாகச் செய்பவர்களுக்குத் தசைக் கடுப்பு ஓரிரு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். புதன்கிழமை படி இறங்க முடியாமல் நிற்கும்போது திட்டத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. வாரத்தில் ஒரே நாள்தான் முடிந்தது என்றால் அந்த வாரத்தையே இன்னொரு முறை செய்யலாம். ஒரு நாள்கூட முடியவில்லை என்றால் அதே எடையில் ஒரு செட் குறைத்துத் திரும்பலாம். இரண்டு மூன்று வாரம் விட்டுப்போனால் எடையிலும் கொஞ்சம் இறங்குவது நல்லது. வெள்ளிக்கிழமை மட்டும் தொடர்ந்து மூன்று வாரம் தவறுகிறதா? அப்படியானால் உங்களுடையது இரண்டு நாள் திட்டம். அதை ஒப்புக்கொண்டு அதற்கேற்ப எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்றாவது வாரம் மூன்று நாளும் வந்திருக்கிறார். டிக் மூன்றும் விழுந்திருக்கிறது. ஆனால் ஸ்குவாட் 12, 9, 8. ரோ 9, 8, 7. பிரஸ் 7, 6, 5. நோட்டைப் படிக்கப் பழகியவர்கள் முதலில் கவனிப்பது இதைத்தான்: ஒன்று மட்டும் இறங்கியிருக்கிறதா, எல்லாமே இறங்கியிருக்கிறதா? ஒன்று மட்டும் என்றால் அந்தப் பயிற்சியில் எடை அதிகம், அல்லது செய்யும் விதத்தில் ஏதோ கோளாறு. எல்லாமே ஒரே வாரத்தில் இறங்கினால் டம்பெலைச் சந்தேகப்பட வேண்டாம். தூக்கத்தையும் சாப்பாட்டையும் வேலைச் சுமையையும் பாருங்கள். ஓரத்தில் ‘ஆடிட், ஐந்து மணி நேரத் தூக்கம்’ என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். இந்த மாதிரி வாரத்துக்குப் பிறகு விட்டதைப் பிடிக்கப் பாய்வதைவிட ஒரு வாரம் இளைப்பாறுவது மேல். அதே எடை, மூன்று செட்டுக்குப் பதில் இரண்டு, ரெப்பிலும் இரண்டிரண்டு குறைவு. ஜிம் பாஷையில் இதற்கு டீலோட் என்று பெயர். ஐந்தாவது வாரம் இரண்டாவது வாரத்தில் முடித்த இடத்திலிருந்து, அதாவது ஸ்குவாட் பதினொன்றிலிருந்து, தொடரலாம்.

வலி வந்த வாரத்துக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. தசை கடுப்பது வேறு, தோள் மூட்டுக்குள் ஒரே இடத்தில் குத்துவது வேறு. குத்துகிற பயிற்சியை அந்த வாரம் நிறுத்திவிட்டு மற்றதைத் தொடரலாம். குறையாவிட்டால் பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்ட வேண்டும். நெஞ்சில் அழுத்தமோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள், ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இந்த முறை கெட்டுப்போவது பெரும்பாலும் எண்ணைப் பொய்யாக எழுதுவதால் அல்ல, எண்ணின் அர்த்தம் மெல்ல மாறிவிடுவதால். இலக்கு பன்னிரண்டு என்று எழுதியிருந்தால் ஒன்பதாவது ஸ்குவாட்டில் இருந்து இடுப்பு முன்னளவுக்கு இறங்காது. பத்தாவது இன்னும் கொஞ்சம் மேலேயே நின்றுவிடும். நோட்டில் பன்னிரண்டு என்றுதான் விழும். பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை. இதைத் தடுக்க எளிய வழி, பின்னால் ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்வது. ஸ்டூலைத் தொட்டால் ஒரு ரெப், தொடாவிட்டால் எண்ணக் கூடாது. ஸ்டூல் வைத்த முதல் வாரம் எண்ணிக்கை சட்டென்று விழுந்தால் அதற்கு முந்தைய வாரங்களின் கணக்கை நம்ப வேண்டாம்.

‘இன்னும் எத்தனை முடிந்திருக்கும்’ என்ற மதிப்பிலும் பிழை உண்டு. ஆரம்பத்தில் பெரும்பாலானவர்கள் உண்மையைவிடக் குறைவாகத்தான் சொல்வார்கள். மூச்சு வாங்கினாலே எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றும். எப்போதாவது ஒரு நாள், கீழே போட்டாலும் ஆபத்தில்லாத ரோ போன்ற பயிற்சியில், கடைசி செட்டை நிஜமாகவே முடியாத வரை போட்டுப் பார்த்தால் தன் மதிப்பு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று தெரிந்துவிடும். ‘மிச்சம் ஒன்று’ என்று எழுதுபவர் நான்கு போடுவதைப் பார்க்கலாம்.

முதல் சில மாதங்களுக்கு ஞாயிறுதோறும் எங்காவது ஒரு எண் கூடிக்கொண்டிருக்கும். பிறகு கூடாது. அப்போது போன வாரப் பக்கத்தோடு ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது, நான்கு வாரம் பின்னால் புரட்ட வேண்டும். ரோவில் அன்றும் 7.5 கிலோவில் 10, 10, 10, இன்றும் அதே 10, 10, 10 என்றிருக்கலாம். அன்று மிச்சம் ஒன்று, இன்று மிச்சம் மூன்று. எனவே அடுத்த வாரத்துக்குப் பதினொன்று என்று எழுதிக்கொள்ளலாம்.